பில்லில் ஒரு எண், பி.ஓ.வில் வேறு எண்: ஒரு மின்னஞ்சலைத் திருத்தி எழுதுதல்

கோவையில் பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் சிறு லேத் பட்டறைகள் ஏராளம். நிதியாண்டு மாறும் ஏப்ரல், மே மாதங்களில் இவர்களை ஒரு சிக்கல் அடிக்கடி பிடித்துக்கொள்ளும். சரக்கு போய்ச் சேர்ந்திருக்கும், ஸ்டோர்ஸில் எண்ணி வாங்கியிருப்பார்கள், அந்த ஷாஃப்ட் பம்புக்குள் ஏறி விற்பனைக்கே கிளம்பியிருக்கும். பில் மட்டும் அக்கவுண்ட்ஸ் பிரிவில் நிற்கும். போன் செய்து கேட்டால் கிடைக்கும் பதில் ஒரு வரிதான்: "பி.ஓ. மேட்ச் ஆகலை."

இந்த ஒரு வரிக்குப் பதிலாகப் பட்டறையிலிருந்து போகும் மின்னஞ்சல்தான் பெரும்பாலும் பணம் எப்போது வரும் என்பதை முடிவு செய்கிறது. அதை எப்படி எழுதினால் வேலை நடக்கும், எப்படி எழுதினால் நடக்காது என்பதை ஓர் உதாரணக் கணக்கை வைத்துப் பார்ப்போம். எண்கள் நான் அமைத்தவை. சிக்கல் அன்றாடம் நடப்பது.

முதலில், அந்த அக்கவுண்ட்ஸ் மேஜையில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். பெரிய நிறுவனங்களில் பில்லைக் கணக்கில் ஏற்றுபவர் மூன்று ஆவணங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டாக வேண்டும். ஒன்று, பர்ச்சேஸ் பிரிவு கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர், அதாவது பி.ஓ. இரண்டாவது, சரக்கு வந்து சேர்ந்ததும் ஸ்டோர்ஸ் போடும் ரசீது, இதை ஜி.ஆர்.என். என்பார்கள். மூன்றாவது, நாம் அனுப்பும் பில். பொருள், எண்ணிக்கை, விலை ஆகியவை மூன்றிலும் ஒத்துப்போனால்தான் மென்பொருள் பில்லைப் பணம் கொடுக்கும் வரிசைக்கு அனுப்பும். இந்த மூன்றையும் கோக்கும் நூல் பி.ஓ. எண். பில்லில் இருக்கும் எண்ணைத் தட்டும்போது "இந்த ஆர்டர் மூடப்பட்டது" என்றோ, "இப்படி ஓர் ஆர்டரே இல்லை" என்றோ திரையில் வந்தால், அந்த ஊழியரால் மேலே நகர முடியாது. சரியான எண் எதுவாக இருக்கும் என்று அவராக ஊகித்துப் பதிவு செய்தால், நாளை ஆடிட்டர் அவரைத்தான் கேட்பார். அதனால் பில்லை ஓரமாக வைத்துவிட்டு, வரிசையில் அடுத்ததை எடுக்கிறார்.

நம் பட்டறைக்காரர் அனுப்பிய முதல் மின்னஞ்சல் இது. அலுவலகங்களில் இதைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். விஷயம் விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன்.

> பொருள்: பேமெண்ட் நிலுவை – மிக அவசரம்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> எங்கள் ஏப்ரல், மே மாத பில்களுக்கு இதுவரை பணம் வரவில்லை. பலமுறை போன் செய்தும் சரியான பதில் இல்லை. பி.ஓ. எண்ணும் பில்லும் பொருந்தவில்லை என்று உங்கள் அக்கவுண்ட்ஸில் சொல்கிறார்கள். நீங்கள் கொடுத்த ஆர்டரின்படிதான் நாங்கள் சரக்கு அனுப்பினோம். எனவே தயவுசெய்து சரிபார்த்து, பொருத்தி, ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். தேவைப்பட்டால் புதிய பில் அனுப்பவும் தயாராக இருக்கிறோம்.

இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கோபம் கொஞ்சம் தெரிகிறது. பணம் நின்றுபோனவருக்கு அது இயல்பு. இப்படி ஒரு கடிதத்தைத் திருத்தச் சொன்னால் பலர் கோபத்தை எடுத்துவிட்டுப் பணிவைக் கூட்டுவார்கள். அதனால் பயன் இல்லை. எந்த பில், எந்த ஆர்டர், எது எதனோடு பொருந்த வேண்டும் என்று ஓர் எண்கூட இதில் கிடையாது. படிப்பவர் இணைப்புகளைத் திறந்து, பில்களைத் தேடி, ஆர்டர்களைத் தேடி, ஸ்டோர்ஸில் விசாரித்து, பிறகு தானாக ஒரு முடிவுக்கு வர வேண்டும். பொருத்திப் பார்க்கும் வேலை முழுவதையும் அவர் தலையில் வைத்துவிட்டு "பொருத்துங்கள்" என்கிறது கடிதம்.

ஆனால் என்னை அதிகம் கவலைப்படவைப்பது கடைசி வாக்கியம். "புதிய பில் அனுப்பத் தயார்" என்பது நல்ல மனதோடு எழுதியது. நமக்கே அதிகச் சேதம் செய்வதும் அதுதான்.

பில் என்பது இன்று நமக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே மட்டும் இருக்கும் காகிதம் இல்லை. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர் ஏப்ரலில் போட்ட பில்களை மே 11-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தில் காட்டிவிடுகிறார். அதன்பின் அது வாங்கியவரின் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கையில் ஏறி, அவர் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்திருக்கவும் கூடும். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் போட வேண்டும். அந்த பில்லைப் போர்ட்டலில் 24 மணி நேரத்துக்குள் மட்டுமே ரத்து செய்யலாம், ரத்து செய்த பில் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. இந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகு "புதிய பில்" என்றால், பழைய பில்லுக்கு கிரெடிட் நோட் போட வேண்டும், இன்றைய தேதியில் வேறு எண்ணில் பில் போட வேண்டும், வாங்கியவர் எடுத்த வரவைத் திருப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் கொடுக்க வேண்டிய நாள்களை இன்றைய தேதியிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுவார்கள். ஏப்ரலில் கொடுத்த சரக்குக்கு ஜூலையில் பணம் வாங்கும் நிலைமை வரும்.

உண்மையில் இவ்வளவு தூரம் போக வேண்டிய தேவையே இல்லை. ஜி.எஸ்.டி. விதி 46 ஒரு பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலிடுகிறது. வாங்குபவரின் பி.ஓ. எண் அந்தப் பட்டியலில் இல்லை. ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை. இ-இன்வாய்ஸில் பி.ஓ. எண்ணுக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் விரும்பினால் நிரப்பலாம், கட்டாயம் இல்லை. ஆக, பி.ஓ. எண் மட்டும் தவறிய பில் வரிச் சட்டத்தின்படி முழுமையான பில்தான். தவறியது அந்த நிறுவனத்தின் உள்கணக்குக்கு வேண்டிய குறிப்பு ஒன்று மட்டுமே. அந்தக் குறிப்பை நம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமாகக் கொடுத்து, சரியான ஆர்டரில் பதியச் சொன்னால் போதும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு எழுதும் கடிதத்துக்கும், தெரியாமல் எழுதும் கடிதத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மாதப் பணம் வித்தியாசம்.

அதே பில்லை அதே எண்ணில், அதே தேதியில், பி.ஓ. எண்ணை மட்டும் மாற்றி மறுபடி அச்சடித்துச் சத்தமில்லாமல் அனுப்பும் வழக்கமும் இருக்கிறது. இதை நான் விரும்புவதில்லை. ஒரே எண்ணில் இரண்டு விதமான பில்கள் அவர்களுடைய கோப்பில் கிடந்தால், ஒரே பில்லுக்கு இருமுறை பணம் போகிறதோ என்ற சந்தேகம் வரும்; தணிக்கையில் கேள்வி எழும். எதைத் திருத்துகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லும் கடிதமே இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

ஒரு வரியைக்கூட எழுதுவதற்கு முன், எண்கள் ஏன் பிசகின என்று நாமே பார்த்துவிட வேண்டும். பி.ஓ., கேட்டில் முத்திரை வைத்த டெலிவரி சலான், ஸ்டோர்ஸ் கொடுத்த ஜி.ஆர்.என். எண், பில் ஆகியவற்றை மேஜையில் பரப்பினால் அரை மணி நேர வேலை. நம் கணக்கில் வெளிவந்தது இது.

பட்டறையிடம் இருந்த பழைய ஆர்டர் 4500018832. நிதியாண்டு முடிந்ததும், மார்ச் 31 அன்று, கம்பெனி அதை மூடிவிட்டது. அதே ஷாஃப்ட், அதே விலை 240 ரூபாய், 1,200 எண்ணிக்கைக்குப் புதிய ஆர்டர் 4500021407 போட்டார்கள். ஆனால் அது பட்டறைக்கு மின்னஞ்சலில் வந்தது ஏப்ரல் 16 அன்று. இடையில் பர்ச்சேஸ் அதிகாரி "லைன் நிக்குது, 300 உடனே அனுப்புங்க" என்று போனில் சொன்னதால், ஏப்ரல் 9 அன்று சரக்கும் பில் 014-ம் பழைய ஆர்டர் எண்ணோடு போயின. சரக்கை இறக்கிக்கொண்ட ஸ்டோர்ஸால் மூடிய ஆர்டரில் ரசீது போட முடியவில்லை. புதிய ஆர்டர் வரும்வரை காத்திருந்து ஏப்ரல் 17 அன்று போட்டார்கள்.

ஏப்ரல் 22 அன்று 250 ஷாஃப்டுக்கு பில் 027. அதற்குள் புதிய ஆர்டர் வந்துவிட்டது. ஆனால் பில் போடுபவர் முந்தைய பில்லைத் திறந்து தேதியையும் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றியதால் பழைய எண் அப்படியே நின்றுவிட்டது. மே 6 அன்று 400 ஷாஃப்டுக்கு பில் 041. இதில் புதிய எண்ணையே அடித்திருக்கிறார். ஆனால் 4500021407 என்பது 4500021470 ஆகிவிட்டது.

மூன்று பில், மூன்று காரணம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றுக்கும் ஒரே பெயர், "மேட்ச் ஆகலை". கூடவே இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். புதிய ஆர்டரில் போதிய எண்ணிக்கை இருக்கிறதா? 300, 250, 400 சேர்த்தால் 950, ஆர்டர் 1,200, ஆகவே அடங்கும். விலை ஒன்றா? ஒன்றுதான். இந்த இரண்டுக்கும் பதில் "ஆம்" என்பதால்தான் பி.ஓ. எண்ணை மட்டும் பேசும் கடிதம் எழுதலாம் என்ற முடிவுக்கு வருகிறோம். ஸ்டோர்ஸ் மூன்று ரசீதையும் புதிய ஆர்டரில் போட்டிருப்பதால், எங்கே பதிய வேண்டும் என்பதிலும் சந்தேகம் இல்லை.

அடுத்து, யாருக்கு எழுதுவது? பர்ச்சேஸ் அதிகாரி நமக்குப் பழக்கமானவர் என்பதால் எல்லா மின்னஞ்சலும் அவருக்கே போகும். ஆனால் ஆர்டரைத் திருத்துவதுதான் அவர் கையில் இருக்கிறது; ரசீது ஸ்டோர்ஸின் கையில்; பில்லைப் பதிவது அக்கவுண்ட்ஸின் கையில். இங்கே ஆர்டரும் ரசீதும் சரியாக இருக்கின்றன, பதிவு ஒன்றுதான் பாக்கி. எனவே கடிதம் அக்கவுண்ட்ஸில் பில் பதிபவருக்குப் போக வேண்டும். பர்ச்சேஸ் அதிகாரிக்கு நகல் வைத்தால், அவரிடம் அக்கவுண்ட்ஸ் கேட்கும்போது விஷயம் தெரிந்தவராக இருப்பார்.

திருத்தி எழுதிய கடிதம்:

> பொருள்: வெண்டர் கோடு 104512 – பில் 014, 027, 041 – பி.ஓ. 4500021407-இல் பதிவு செய்ய வேண்டுகோள்
>
> வணக்கம் மேடம்,
>
> கீழே உள்ள மூன்று பில்களையும் பி.ஓ. 4500021407-இல் பதிவு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மூன்றிலும் அச்சாகியிருக்கும் பி.ஓ. எண் வேறு. பொருளும் விலையும் இந்த ஆர்டரில் உள்ளபடியே இருக்கின்றன. எண்ணிக்கையும் இதற்குள் அடங்குகிறது.
>
> பில் 014, ஏப்ரல் 9: 300 ஷாஃப்ட், ரூ.72,000. பில்லில் உள்ள எண் 4500018832. சரக்கு சேர்ந்தது ஏப்ரல் 9. ஜி.ஆர்.என். 5000067210, ஏப்ரல் 17.
>
> பில் 027, ஏப்ரல் 22: 250 ஷாஃப்ட், ரூ.60,000. பில்லில் உள்ள எண் 4500018832. சரக்கு சேர்ந்தது ஏப்ரல் 22. ஜி.ஆர்.என். 5000067655, ஏப்ரல் 23.
>
> பில் 041, மே 6: 400 ஷாஃப்ட், ரூ.96,000. பில்லில் உள்ள எண் 4500021470. சரக்கு சேர்ந்தது மே 6. ஜி.ஆர்.என். 5000068102, மே 7.
>
> மொத்தம் 950 ஷாஃப்ட், ரூ.2,28,000. ஜி.எஸ்.டி. தனி.
>
> புதிய ஆர்டர் எங்களுக்கு வந்தது ஏப்ரல் 16. பில் 014 அதற்கு முன் போட்டது. பில் 027-இல் பழைய எண்ணை மாற்றாமல் விட்டதும், பில் 041-இல் கடைசி இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்ததும் எங்கள் தவறு.
>
> சரியான பி.ஓ. எண்ணை உறுதிசெய்யும் எங்கள் கடிதம், மூன்று பில்கள், கேட் முத்திரை உள்ள சலான்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். பதிவு செய்ய வேறு ஆவணம் தேவைப்பட்டால் எது என்று சொல்லுங்கள், அன்றே அனுப்புகிறோம். பதிவானதும் அதன் எண்ணையும் பணம் கொடுக்கும் தேதியையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

இதில் வேண்டுகோள் ஒன்றுதான், அது முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. கடிதத்தின் மற்ற பகுதி முழுவதும் அந்த ஒரு வேலையைச் செய்ய அவருக்கு வேண்டிய எண்கள். இணைப்பைத் திறக்காமலே, திரையில் மின்னஞ்சலை ஒரு பக்கமும் மென்பொருளை மறுபக்கமும் வைத்துக்கொண்டு முடித்துவிடலாம். பொருள் வரியில் "அவசரம்" போய், வெண்டர் கோடும் பில் எண்ணும் வந்ததற்கும் காரணம் உண்டு. அவருடைய இன்பாக்ஸில் பாதி மின்னஞ்சல்கள் அவசரம் என்றுதான் வருகின்றன. இரண்டு வாரம் கழித்து இந்தக் கடிதத்தைத் தேட நேர்ந்தால் அவர் தட்டப்போவது எண்ணைத்தான்.

தவறு யாருடையது என்ற பத்தியைப் பலர் எடுத்துவிடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிவு செய்பவருக்குத் தன் மேலாளரிடம் காட்ட ஒரு காரணம் தேவை; "எண் ஏன் வேறு?" என்ற கேள்விக்கு விடை கடிதத்திலேயே இருந்தால் அவர் கையெழுத்து வாங்கிவிடலாம். நம் தவறு இரண்டையும் நேராகச் சொல்லும்போது, முதல் பில்லில் ஆர்டர் தாமதமாக வந்ததும் வெறும் தேதியாக நின்று, குற்றச்சாட்டாகாமல் அதன் வேலையைச் செய்துவிடுகிறது. "நீங்கள்தான் தாமதம்" என்று எழுதியிருந்தால் பர்ச்சேஸ் அதிகாரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பதில் எழுதுவார். பிறகு இருவரும் அதைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பார்கள்.

சரக்கு சேர்ந்த தேதியும் ஜி.ஆர்.என். தேதியும் தனித்தனியே எழுதப்பட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள், பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்த நாள்கள் தொடங்குவது சரக்கை உள்ளபடி ஒப்படைத்த நாளில். வாங்கியவர் 15 நாளுக்குள் சரக்கை ஏற்பது குறித்து எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால், அந்த ஆட்சேபத்தை நாம் தீர்த்த நாளில். பில் 014-க்கு ஏப்ரல் 9-இலிருந்து எண்ணினால் 45-ஆம் நாள் மே 24. ஸ்டோர்ஸ் தாமதமாகப் போட்ட ஏப்ரல் 17 ரசீதிலிருந்து எண்ணினால் ஜூன் 1. மென்பொருள் எந்தத் தேதியை எடுத்துக்கொள்ளும் என்பது நம் கையில் இல்லை. கேட் முத்திரைத் தேதி எழுத்தில் பதிந்து அவர்களிடம் போய்ச் சேர்ந்திருப்பது நம் கையில் இருக்கிறது.

சட்டப் பிரிவையும் வட்டியையும் இந்த முதல் கடிதத்தில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. எழுதினால் கடிதம் பில் பதிபவரின் மேஜையிலிருந்து சட்டப் பிரிவுக்கு நகரும், மூன்று எண்களைத் தட்டினால் முடியும் வேலை அங்கே தங்கிவிடும். தேதிகள் கடிதத்தில் இருந்தால் போதும். பின்னால் தேவைப்பட்டால் அவையே பேசும்.

பதில் வந்ததும் அதை எப்படிப் படிப்பது என்பதும் முக்கியம். "குறித்துக்கொண்டோம்", "சம்பந்தப்பட்டவருக்கு அனுப்பியுள்ளோம்" என்று வந்தால் வேலை நடக்கவில்லை என்று பொருள். பதிவு எண் வந்தால்தான் பில் கணக்கில் ஏறியிருக்கிறது. வெண்டர் போர்ட்டல் வைத்திருக்கும் நிறுவனமாக இருந்தால் பில்லின் நிலையை அங்கேயும் பார்க்கலாம். பதிவாகியும் "தடுக்கப்பட்டது" என்று காட்டினால், பி.ஓ. எண் சிக்கல் தீர்ந்து எண்ணிக்கையிலோ விலையிலோ வேறொன்று முளைத்திருக்கிறது. நான்கைந்து வேலை நாள்களில் எதுவும் வராவிட்டால் புதிய கடிதம் எழுதாமல் அதே மின்னஞ்சல் தொடரிலேயே "மூன்று பில்களும் பதிவாகிவிட்டனவா மேடம்? பதிவு எண் தெரிவித்தால் போதும்" என்று ஒரு வரி போடலாம். மேலே எண்கள் எல்லாம் அப்படியே இருப்பதால் அவர் எதையும் தேட வேண்டியதில்லை.

இந்தக் கடிதம் உதவாத இடங்களும் உண்டு. புதிய ஆர்டரில் விலை 236 ரூபாயாகக் குறைந்திருந்தால், 950 ஷாஃப்டுக்கு 3,800 ரூபாய் வித்தியாசம் வரும். அது பி.ஓ. எண் சிக்கல் இல்லை, விலைச் சிக்கல். எந்த விலை சரி என்பதை முதலில் பர்ச்சேஸ் எழுத்தில் சொல்ல வேண்டும். 236 என்று முடிவானால் அந்த 3,800-க்கும் அதன் வரிக்கும் மட்டும் கிரெடிட் நோட் போட்டு, அதையும் இணைத்துத்தான் அக்கவுண்ட்ஸுக்கு எழுத முடியும். ஆர்டர் 1,200-க்குப் பதில் 800 எண்ணிக்கைக்கே இருந்திருந்தால், முதல் இரண்டு பில்களின் 550 போக மீதி 250-தான். பில் 041-இன் 400 அதில் அடங்காது. அப்போது முதல் இரண்டு பில்களை மட்டும் பதியச் சொல்லி அக்கவுண்ட்ஸுக்கு ஒரு கடிதம், 150 எண்ணிக்கையைக் கூட்டி ஆர்டரைத் திருத்தித் தரச் சொல்லி பர்ச்சேஸுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்தால், திருத்தம் வரும்வரை மூன்று பில்களும் சேர்ந்தே காத்திருக்கும்.